“நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்!” - பிரசவமான பெண்ணிடம் கேட்க வேண்டிய 10 கேள்விகள்

புதன்கிழமை என்றாலே கிராமத்துத் துணை சுகாதார நிலையங்களில் குழந்தைகளின் அழுகைச் சத்தம்தான். அன்றுதான் தடுப்பூசி நாள். நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள வயல்வெளி கிராமங்களிலும் அப்படித்தான். பிறந்து ஆறு வாரமான குழந்தைக்கு முதல் பென்டா ஊசி, அதாவது ஊர்ப் பேச்சில் ‘ஒன்றரை மாச ஊசி’ போட அம்மாவும் பாட்டியுமாக வருவார்கள். குழந்தையின் எடையைப் பார்ப்பார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சொல்வார்கள். அம்மாவிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “நல்லா இருக்கியாம்மா?”

“நல்லாத்தான் இருக்கேன்” என்று பதில் வரும். வேறென்ன சொல்வார், பக்கத்தில் மாமியார் நிற்கும்போது?

செவிலியர் படிப்பில் மகப்பேறு பிரிவுக்குக் களப்பயிற்சி உண்டு. அதில் தாயின் மனநலம் குறித்து ஓர் அசைன்மென்ட் செய்ய வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று கண்டறிந்து, இருந்தால் ஆறுதலான ஆலோசனை தந்து, நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தெரியும் இந்த வேலை எங்கே சறுக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஓர் உதாரணம். அந்தப் பெண்ணை செல்வி என்று வைத்துக்கொள்வோம். வயது 24. இரண்டாவது பிரசவம், இரண்டாவதும் பெண் குழந்தை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். முதல் பிரசவம் தாய் வீட்டில் நடந்தது. இந்த முறை மாமியார் வீட்டிலேயே இருக்கிறார்.

முதல் முறை 4... மறுவாரம் 14!

மாணவியின் கையில் இருப்பது ‘எடின்பரோ’ கேள்வித்தாள். ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் உருவாக்கி 1987-ல் வெளியிட்டது. மொத்தம் 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், 0 முதல் 3 வரை மதிப்பெண். அதிகபட்சம் 30. கடந்த 7 நாள்களில் மனம் எப்படி இருந்தது என்பதை மட்டுமே கேட்கும். சிரிக்க முடிந்ததா, நாளையை ஆவலோடு எதிர்பார்க்க முடிந்ததா, தேவையில்லாமல் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாரா, காரணமில்லாத பயம் வந்ததா, அழுகை வந்தததா என்று போகும்.

உடம்பு அசதி, பசியின்மை பற்றி இதில் கேள்வியே கிடையாது. காரணம் எளிது. பச்சை உடம்புக்காரிக்கு அசதி இல்லாமல் இருக்குமா? அதைக் கேட்டால் எல்லோருக்கும் மனச்சோர்வு என்றாகிவிடும். தூக்கம் பற்றிய கேள்விகூட, குழந்தை அழுவதால் கெட்ட தூக்கத்தைக் கேட்கவில்லை. மனக்கவலையால் தூக்கம் வராமல் போனதா என்றுதான் கேட்கிறது. இதைப் பிரித்துச் சொல்லிக் கேட்காவிட்டால் பதில் தவறாகிவிடும்.

ஊசி போட வந்த அன்று, திண்ணையில் உட்கார வைத்து மாணவி கேள்விகளை வாசித்தார். செல்வி வாய் திறப்பதற்குள், “அவளுக்கு என்ன குறை? நேரத்துக்குச் சாப்பாடு, பத்தியம் எல்லாம் நான்தானே பார்க்கிறேன்” என்றார் மாமியார். செல்வி தலையை ஆட்டினார். கூட்டிப் பார்த்தால் 4. கவலைப்பட ஒன்றுமில்லை என்று அசைன்மென்ட் அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் மாணவி ஒன்றைக் கவனித்திருந்தார். குழந்தைக்கு ஊசி போட்டபோது அது வீறிட்டு அழுதது. செல்வி அசையவில்லை. குழந்தையை வாங்கித் தோளில் போட்டது மாமியார்தான். ஒரு தடவை அப்படி இருந்ததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னொரு முறை தனியாகக் கேட்டுப் பார்க்க அது போதுமான காரணம்.

மறுவாரம் மாணவி வீட்டுக்கே போனார். ஐப்பசி கடைசி. சம்பா வயலில் களையெடுப்பு நடக்கும் நேரம். மாமியார் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். பெரிய பெண் அங்கன்வாடியில். இந்த முறை மாணவி வாசிக்கவில்லை. தாளையும் பேனாவையும் செல்வியிடமே கொடுத்து, “அக்கா, நீங்களே டிக் பண்ணுங்க. புரியாததை மட்டும் கேளுங்க” என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். படிக்கத் தெரியாதவராக இருந்தால் வாசித்துக் காட்டலாம். ஆனால் நான்கு பதில்களையும் முழுசாக வாசிக்க வேண்டும். “அழுகை வருதா, இல்லையா?” என்று சுருக்கினால் எல்லோரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள்.

சிரிப்பு, எதிர்பார்ப்பு பற்றிய முதல் இரண்டு கேள்விகளுக்கும் தலா 1. தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதற்கு 3. கவலைக்கு 2. பயத்துக்கு 0. எல்லாம் தலைக்கு மேல் போவதுபோல் இருக்கிறதா என்பதற்கு 2. தூக்கத்துக்கு 1. சோகத்துக்கு 2. அழுகைக்கு 1. கடைசிக் கேள்விக்கும் 1. கூட்டினால் 14.

இங்கே மாணவிகள் அடிக்கடி தவறுவது கூட்டலில் அல்ல, மதிப்பெண் போடுவதில். 1, 2, 4 ஆகிய கேள்விகளுக்கு மேலே இருக்கும் பதில் 0. மற்ற ஏழுக்கும் மேலே இருப்பது 3. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் மேலிருந்து 0, 1, 2, 3 என்று போட்டால், செல்வி தன்னையே குற்றவாளியாக நினைக்கும் அந்த 3, தாளில் 0 ஆகிவிடும்!

ஆங்கில வடிவத்தில் 13-ம் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில் எல்லைக்கோடு அதைவிடக் கீழே, 9-லேயே வந்தது. எப்படிப் பார்த்தாலும் 14 என்பது கோட்டுக்கு மேலே. ஆனாலும் இது நோய் என்ற தீர்ப்பல்ல. மருத்துவர் பார்க்க வேண்டும் என்ற தகவல், அவ்வளவுதான். ரத்தசோகையும் தைராய்டு குறைவும்கூட இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

பத்தாவது கேள்வி

மொத்தம் எவ்வளவு வந்தாலும் பத்தாவது கேள்வியைத் தனியாகப் பார்க்க வேண்டும். தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது அது. செல்வி ‘எப்போதோ’ என்ற பதிலில் டிக் செய்திருந்தார். மொத்தம் 5 வந்திருந்தாலும் இந்த ஒரு டிக் போதும், மாணவி அன்றே செயல்பட வேண்டும்.

கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அப்படி ஆகாது. நேராகக் கேட்டால்தான் பெண் பேசுவார். “இதுல டிக் போட்டிருக்கீங்களேக்கா, அந்த மாதிரி எப்போ தோணுச்சு? ஏதாவது செய்யணும்னு யோசிச்சு வெச்சிருந்தீங்களா? இப்பவும் தோணுதா?” என்று மாணவி கேட்டார். “ரெண்டாவதும் பொண்ணுன்னு அவரு போன்ல ஒண்ணுமே பேசலை சிஸ்டர். அன்னைக்கு ராத்திரி நாம இல்லாமப் போனா என்னன்னு தோணுச்சு. புள்ளைய பார்த்ததும் போயிடுச்சு. வேற ஒண்ணும் நினைக்கலை” என்றார் செல்வி.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மாணவி வாக்குக் கொடுக்கக் கூடாது. “இதை டாக்டர்கிட்டயும் நர்சம்மாகிட்டயும் மட்டும் சொல்வேங்க்கா, உங்க நல்லதுக்குத்தான்” என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அன்றே கிராம சுகாதார செவிலியர் வழியாக ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தகவல் போனது. டெல்டா வீடுகளுக்கே உரிய ஒரு விஷயமும் பட்டியலில் உண்டு. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டு மூலையில் இருக்கும். அதை அன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றிப் பூட்டச் செய்ய வேண்டும். அடுத்த சில நாள்களுக்கு செல்வியைத் தனியாக விடாமல் இருக்க யாரையாவது ஏற்பாடு செய்ய வேண்டும். செல்வி சொன்ன பெயர், பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தி.

திட்டம் ஏதும் வைத்திருந்தால், அல்லது குழந்தை தூங்கும்போதும் தாய் தூங்காமல் சம்பந்தமில்லாமல் பேசினால், காதில் குரல் கேட்கிறது என்றால், குழந்தையைப் பற்றி விபரீதமான சந்தேகம் சொன்னால் ஆலோசனைக்கெல்லாம் நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வரும் இந்தத் தீவிர நிலையைத்தான் ‘காத்து கருப்பு’ என்று சொல்லி நாள் கடத்திவிடுகிறார்கள்.

அரை மணி நேரம் கேட்டாலே...

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் வரும் அழுகை வேறு. அது இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். ஆறாவது வாரத்திலும் போகவில்லை என்றால்தான் இந்த வேலை தொடங்குகிறது.

கேள்வித்தாளை உருவாக்கிய ஜெனி ஹோல்டனும் குழுவினரும் 1989-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மார்களை வாரத்துக்கு ஒருமுறை, 8 வாரம் சந்திக்கச் செய்தார்கள். அறிவுரை சொல்வதல்ல, கேட்பதுதான் வேலை. அப்படிச் சந்தித்த 26 பேரில் 18 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் தேறியது 9 பேர். பேசவிட்டதே மருந்தாக வேலை செய்தது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. 26-ல் 8 பேருக்கு அது போதவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

நம் ஊர் மாணவிக்குக் கஷ்டமே இந்தக் ‘கேட்பது’தான். “பொண்ணுன்னா மகாலட்சுமிக்கா, கவலைப்படாதீங்க” என்பது நாக்கு நுனியில் நிற்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் அதைக் கேட்டதும் செல்வி வாயை மூடிக்கொள்வார். முதல் சந்திப்பில் மாணவி சொன்னது, “அவரு பேசலைன்னதும் உங்களாலதான்னு நினைச்சுக்கிட்டீங்க, இல்லையாக்கா?” என்பது மட்டும். பிறகு சும்மா இருந்தார். அதற்குப் பிறகு வந்தது நீண்ட அழுகை, அதன் பிறகு பேச்சு.

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. குழு 359 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவிகிதம். குறைந்த வருமானம், பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ உரசல், வேலையில் கைகொடுக்க ஆளில்லாதது... இவையெல்லாம் அதோடு சேர்ந்து வந்தன. செல்வியின் வீட்டில் இவற்றில் பாதி இருந்தது. இவற்றில் ஒரு மாணவியால் தொடக்கூடியது கடைசி ஒன்றைத்தான்.

இரண்டாவது சந்திப்பில் ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் செல்வியிடமே சொல்லச் சொன்னார். தொடர்ந்து இரண்டு மணி நேரத் தூக்கம்கூட இல்லை என்று தெரிந்தது. செல்வியின் சம்மதத்தோடு மாமியாரிடம் பேசினார். கதைகளில் வரும் கொடுமைக்காரி அல்ல அந்த அம்மா. களைக்கூலி வராவிட்டால் வீட்டில் அரிசிக்கே யோசிக்க வேண்டும். “நான் அஞ்சு பெத்தேன், இதெல்லாம் எனக்கு வந்ததில்ல” என்றுதான் ஆரம்பித்தார். மாணவி வாதாடவில்லை. “பால் சுரக்கணும்னா அவங்க தூங்கணும்மா. ராத்திரி பத்து மணிப் பாலைக் கொடுத்ததும் புள்ளைய நீங்க வாங்கிக்கிட முடியுமா? பசிச்சு அழுதா எழுப்பினா போதும்” என்றார். அது நடந்தது.

மருத்துவர் பார்த்ததில் ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மன்னார்குடி அரசு மருத்துவமனைக்கு மனநல மருத்துவரைப் பார்க்க அனுப்பினார். கைக்குழந்தையோடு பஸ் ஏறி, ரயில்வே கேட்டில் காத்துக்கிடந்து, ஒரு நாள் கூலியை விட்டுப் போக வேண்டும். அனுப்பப்பட்டவர்கள் பாதி வழியில் விட்டுப்போவது இங்கேதான். அதனால் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிவதில்லை. போனாரா என்று அடுத்த வாரம் கேட்க வேண்டும். மாத்திரை தேவைப்பட்டால், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவை உண்டு. மருத்துவரைக் கேட்காமல் பாலையோ மாத்திரையையோ நிறுத்த வேண்டாம். நடுராத்திரியில் மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

நான்காவது சந்திப்பில் மீண்டும் அதே தாள். இந்த முறை 8. பத்தாவது கேள்விக்கு 0. மாணவியின் களப்பயிற்சியும் அந்த வாரத்தோடு முடிந்தது. மீதி நான்கு சந்திப்புகளின் தேதிகள் கிராம சுகாதார செவிலியரின் நோட்டில் ஏறின. செல்விக்கு அவரை அறிமுகப்படுத்திவிட்டுத்தான் மாணவி கிளம்பினார். முதல் கேள்வியில் செல்வியின் டிக் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தது. முன்பு போல் சிரிக்க முடிவதில்லை. அதையும் மாணவி அப்படியே எழுதி வைத்திருந்தார்.