வேலையை விட்ட பிறகும் மெஷினில் இருக்கும் விரல்ரேகை

ஷிப்ட் எட்டு மணிக்கு. பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் கட். பஸ் வரவில்லை என்றதும் உள்ளே இருக்கும் நண்பருக்கு ஒரு போன்: "மச்சான், என் கார்டையும் சேர்த்துத் தேய்ச்சிரு." கல்லூரியில் ப்ராக்ஸி கொடுத்த அதே பழக்கம்தான். தினமும் 25 நிமிடம் இப்படிப் போனால், மாதம் 26 வேலை நாளில் கிட்டத்தட்ட 11 மணி நேரத்துக்கு வேலை பார்க்காமலே சம்பளம் போகிறது. முதலாளிக்கு இது நிஜமான நஷ்டம். நேரத்துக்கு வரும் தொழிலாளிக்கும் அநியாயம். அதனால்தான் இன்று ஜவுளிக்கடை முதல் கல்லூரி வரை வாசலில் விரல்ரேகை மெஷின் தொங்குகிறது. கார்டைக் கொடுத்தனுப்பலாம், கட்டைவிரலைக் கொடுத்தனுப்ப முடியாது என்பது கணக்கு.

அந்தக் கணக்கு தப்பலாம் என்பதை பிரேசில் 2013-லேயே பார்த்துவிட்டது. சாவோ பாவ்லோ அருகே ஓர் ஊரின் அவசர மருத்துவ சேவையில் வேலை பார்த்த மருத்துவர் பிடிபட்டபோது, அவரிடம் சிலிக்கானில் செய்த ஆறு விரல்கள் இருந்தன. அவற்றை வைத்துத்தான் பணிக்கு வராத சகாக்களுக்கு வருகை பதிவாகிக்கொண்டிருந்தது. முகத்துக்கும் இதே கதி உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வேலையாட்களைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றும் முறை 2023 ஜனவரி முதல் கட்டாயமானது. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே, பழைய படத்தை மறுபடி படமெடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று மாநிலங்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

நம் ஊர் நிறுவனங்களில் சிலிக்கான் விரல் வரை போகத் தேவையே இல்லை. சாயப்பட்டறையில் கை ஊறியவர், செங்கல் தூக்கி ரேகை தேய்ந்தவர், வயதானவர் ஆகியோர் விரல் வைத்தால் மெஷின் திரும்பத் திரும்ப மறுக்கும். ரேஷன் கடையில் "ரேகை விழலை" என்று நிற்பது போலவே இங்கேயும் கியூ நிற்கும். அதைச் சமாளிக்க அவர்களுக்குக் கார்டோ ரகசிய எண்ணோ கொடுப்பார்கள். எந்த ஓட்டையை அடைக்க மெஷின் வந்ததோ, அதே ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். இன்னொரு வழி, ரேகை எவ்வளவு தூரம் ஒத்துப்போக வேண்டும் என்ற அளவை டெக்னீஷியன் குறைத்துவிடுவது. அதற்குப் பிறகு மறுப்பு குறையும், ஒருவர் ரேகைக்கு இன்னொருவர் பெயர் விழும் வாய்ப்பு கூடும். இதற்கெல்லாம் மேலே, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வருகையைக் கையால் திருத்தும் வசதியும் இருக்கிறது. முன்பு வாசலில் நடந்தது அப்போது அலுவலக அறைக்குள் நடக்கும்.

ஏமாற்றை முழுசாக நிறுத்தாத இந்த ஏற்பாட்டுக்கு நாம் கொடுப்பது என்ன? பெயர் சேர்க்கும்போது பெரும்பாலும் மூன்று முறை விரல் வைக்கச் சொல்கிறார்கள். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சென்சார் ரேகையைப் படமெடுக்கிறது. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று பார்த்து, சில பத்துப் புள்ளிகளின் இடத்தையும் திசையையும் எண்களாக்கி, உங்கள் பணியாளர் எண்ணோடு சேர்த்து வைக்கிறது. மெஷின் விற்பவரிடம் கேட்டால், "சார், உங்க ரேகைப் படம் எதுவும் சேவ் ஆகாது, வெறும் நம்பர்தான்" என்பார். பாதிதான் உண்மை. அந்த எண்களை மட்டும் வைத்தே மெஷினை ஏமாற்றும் அளவுக்கு ரேகைப் படத்தைத் திரும்ப வரைந்துவிடலாம் என்று இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-லேயே நிரூபித்தார்கள்.

அந்த எண்களும் எப்போதும் வாசல் மெஷினுக்குள்ளேயே இருப்பதில்லை. பல மாடல்களில் ஒரு பென் டிரைவைச் செருகினால் ஊழியர் விவரமும் ரேகைப் பதிவும் மொத்தமாக இறங்கிவிடும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. மெஷினின் மெனு பட்டனைப் பொறுப்பாளர் முன்னிலையில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அட்மின் ரேகையோ ரகசிய எண்ணோ கேட்காமல் மெனு திறந்தால், அந்த மெஷினுக்குப் பூட்டே போடவில்லை என்று அர்த்தம். இப்போது பல நிறுவனங்கள் எல்லாக் கிளைகளின் பதிவையும் இணையத்தில், மென்பொருள் விற்றவரின் சர்வரில் வைக்கின்றன. 2019 ஆகஸ்டில் பயோஸ்டார் 2 என்ற கொரிய நிறுவனத்தின் மென்பொருளில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கதவுத் திறப்புக்கும் வருகைப் பதிவுக்கும் பல நாடுகளில் அதைப் பயன்படுத்தினார்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்டோரின் விரல்ரேகைகள் பாதுகாப்பில்லாமல் இணையத்தில் கிடந்ததைக் கண்டதாக அப்போது ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பாஸ்வேர்டு திருட்டுப்போனால் மாற்றலாம். ரேகையை என்ன செய்வது?

நம் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இங்கே ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கிலிருந்து கட்டைவிரலை வைத்தே பணம் எடுக்கலாம். 2023-ல் கர்நாடகத்தில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை எடுத்து, போலி ரேகை செய்து, பலர் கணக்கிலிருந்து பணத்தை உருவிய கும்பல்கள் பிடிபட்டன. வருகைப் பதிவுக்கு வைத்த விரலும் அதே விரல்தான். வேலைக்குச் சேரும்போது கொடுத்த ஆதார் நகலும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறது.

பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2024 பிப்ரவரியில் இதற்கு ஒரு தெளிவான பதில் சொன்னது. செர்கோ லெஷர் என்ற நிறுவனம் 38 பொழுதுபோக்கு மையங்களில், 2,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் முகத்தையும் ரேகையையும் வைத்து வருகை எடுத்தது. அடையாள அட்டை போன்ற எளிய வழி இருக்கும்போது இது தேவையில்லை, மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்ற நிலையில் ஊழியரின் சம்மதத்துக்குப் பொருளில்லை என்று கூறி, அதை நிறுத்தவும், வைத்திருக்கத் தேவையில்லாத பதிவுகளை அழிக்கவும் உத்தரவிட்டது.

இந்தியச் சட்டம் அவ்வளவு தூரம் வரவில்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. இது ஊழியருக்கு இழைத்த அநீதி என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அதே சட்டம், தரவைப் பத்திரமாக வைக்க வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, முக்கியக் கடமைகள் அமலாக அதிலிருந்து 18 மாதம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆதார் தளத்திலோ செயலியிலோ உங்கள் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். ஆதாரோடு சேராத அலுவலக மெஷின் இதனால் பாதிக்கப்படாது. பதிவு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று எச்.ஆர். அலுவலகத்தில் கேளுங்கள். வேலையை விடும்போது பி.எஃப். பணத்தையும் அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்குவது போல, மெஷினிலிருந்தும் சர்வரிலிருந்தும் என் ரேகையை அழித்துவிட்டோம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.