கையெழுத்து இருந்தது, வாக்குறுதி இல்லை

கதை கற்பனைதான், அதில் வரும் சட்டம் நிஜம்.

மதுரையில் தையல்கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் பள்ளிச் சீருடை ஆர்டர் கிடைக்கிறது. ஜூன் மாதம் 400 அரைக்கைச் சட்டை கொடுக்க வேண்டும். சட்டைக்கு ஒன்றரை மீட்டர் என்று 600 மீட்டர் துணி தேவை. மார்ச் மாதமே ஈரோட்டு மொத்த வியாபாரியிடம் பேசி, லெட்டர்ஹெட்டில் சீலும் கையெழுத்துமாக ஒரு விருப்பக் கடிதம் வாங்கி வைத்துவிட்டார். மே மாதம் நூல் விலை ஏறியது. வியாபாரி அந்தத் துணியை வேறொருவருக்குக் கூடுதல் விலைக்கு விற்றுவிட்டார். வாயால் பேசிய விலையைவிட மீட்டருக்கு 25 ரூபாய் அதிகம் கொடுத்து வெளியே வாங்கியதில் தையல்காரருக்கு 15,000 ரூபாய் நஷ்டம்.

கடிதத்தோடு வக்கீலிடம் போனார். வக்கீல் வாய்விட்டே படித்தார்: “600 மீட்டர் சட்டைத் துணி சப்ளை செய்ய விரும்புகிறோம். ரகம், விலை, டெலிவரி தேதி ஆகியவை பர்சேஸ் ஆர்டரின்போது பேசி முடிவு செய்யப்படும்.” நிமிர்ந்து கேட்டார்: “இதுல தர்றேன்னு எங்கண்ணே சொல்லியிருக்காரு?”

“கீழே கையெழுத்து போட்டிருக்காரே சார்?”

“இதை எழுதினது அவர்தான்னு அந்தக் கையெழுத்து சொல்லும். எழுதாத வாக்கை அது எப்படிக் கொண்டுவரும்?”

விலை எழுதாதது மட்டும் பெரிய குறையல்ல. விலை குறிக்காமல் விற்பனை முடிவாகியிருந்தால் நியாயமான விலை தர வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 9-ஆவது பிரிவு. ஆனால் இங்கே விற்பனையே முடிவாகவில்லை. பாலிகாட்டனா, சுத்தப் பருத்தியா, எந்த நிறம் என்பதைக்கூட இருவரும் தள்ளிப்போட்டிருந்தார்கள். என்ன பொருள் என்று திட்டமாகத் தெரியாத, தெரிந்துகொள்ள வழியும் இல்லாத உடன்பாடு செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆவது பிரிவு. விருப்பக் கடிதம் என்பது பொதுவாகப் பின்னால் ஒப்பந்தம் செய்யும் எண்ணத்தைக் காட்டுவது மட்டுமே என்று டிரெஸ்ஸர் ராண்ட் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

அதற்காக விருப்பக் கடிதம் எல்லாமே வெறுங்காகிதம் என்று எண்ணிவிடக் கூடாது. தலைப்பு எதுவானாலும், கட்டுப்படும் எண்ணம் வாசகத்திலேயே தெளிவாக இருந்தால் நீதிமன்றம் அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொள்ளும்.

தையல்காரர் மார்ச் மாதமே பர்சேஸ் ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும். துணியின் ரகம், நிறம், அகலம், மீட்டர் விலை, டெலிவரி தேதி எல்லாம் அதில் இருந்து, அடியில் வியாபாரி “ஏற்றுக்கொள்கிறோம்” என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், பேச்சு மீறியதற்கு 73-ஆவது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். ஒப்பந்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வழக்கமான கணக்கு. அவர் கைவிட்டுப்போன 15,000 ரூபாயும் அதே வித்தியாசம்தான்.