வினாத்தாளில் ஒரு வரி விடுபட்டிருந்தால்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிக்க மட்டும் முதல் 10 நிமிடம் தரப்படுகிறது. அச்சில் குறை இருந்தால் உடனே அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லும்படி வினாத்தாளின் தலைப்பிலேயே அறிவுரை உண்டு. எனவே குறையைத் தேட வேண்டிய நேரமும் இதுதான்.

கணித வினா ஒன்றைப் பார்ப்போம். ‘கூம்பின் உயரம் 24 செ.மீ. வளைபரப்பு காண்க’ என்று மட்டும் இருக்கிறது. ஆரம் இல்லாமல் விடை வராது. முதலில் அதே வினாவின் ஆங்கில வடிவத்தைப் பாருங்கள். அங்கே ஆரம் 7 செ.மீ. என்றிருந்தால் சாயுயரம் 25, வளைபரப்பு 550 ச.செ.மீ. என்று கணக்கு முடிந்துவிடும்.

அங்கும் இல்லையென்றால், பக்கத்து மாணவரிடம் கேட்காமல் இருந்த இடத்திலேயே கையை உயர்த்துங்கள். “சார், 38ஆம் வினாவில் ஆரம் அச்சாகவில்லை. வேறு தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?” என்று கேட்டால் போதும். உங்கள் தாளில் மட்டும் குறையென்றால் மாற்றுத்தாள் கேட்கலாம். எல்லாத் தாளிலும் அப்படியே இருந்தால், விடுபட்டதை அவரே ஊகித்துச் சொல்ல முடியாது. முதன்மைக் கண்காணிப்பாளருக்குத்தான் தெரிவிப்பார்.

பதில் வரும்வரை அடுத்த வினாவை எழுதுங்கள். பதிலே வராவிட்டாலும் அந்த வினாவை வெறுமனே விடாதீர்கள். வினா எண்ணைக் குறித்து, சூத்திரத்தையும் முடிந்த படிகளையும் எழுதுங்கள். பிழையான வினாவுக்குப் பின்னர் மதிப்பெண் வழங்கும்போது, விடை எழுத முயன்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வைக்கப்படுவதுண்டு.