தேதி போடாத அனுமதிக் கடிதம்

பிரம்மோற்சவச் சிறப்பு மலர்கள் அச்சுக்குப் போகிற நேரம். சித்தூர், திருப்பதிப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: "படத்தைப் போடலாமா என்று கேட்டோம், 'போட்டுக்கோங்க' என்றார். போதாதா?" போதாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு எழுத்தில் கேட்கிறது.

எழுத்தில் வாங்கியவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: காலம். கடிதத்தில் காலம் இல்லையென்றால் சட்டமே அதை நிரப்பிக்கொள்ளும். 19-ஆவது பிரிவின்படி அது ஐந்து ஆண்டு. இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுவதும். உரிமையை விற்பதற்கான விதி இது. 30அ பிரிவு வழியாக அனுமதிக்கும் பொருந்தும். ஒரு மலருக்கென்று நினைத்துக் கொடுத்த படம், என்ன பயன்பாடு என்று எழுதாததால், அடுத்த நான்கு ஆண்டும் நாட்காட்டியில் தொங்க இடம் கிடைக்கிறது. கேட்பவருக்கு வசதிதான். கொடுப்பவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

காளஹஸ்தியில் கலம்காரி வரையும் ஒருவரின் படம் வேண்டும், எடுத்தது திருப்பதி ஸ்டுடியோ ஒன்று என்று வையுங்கள். பதிப்புரிமை ஸ்டுடியோக்காரருடையது. ஆனால் கலைஞரே காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை கலைஞருக்கு. படத்தில் தெரியும் துணியோவியம் தனிப் படைப்பு. அதற்கும் அவரிடம் கேளுங்கள். கடிதம் தெலுங்கில் இருக்கட்டும்: "உங்கள் படம் மலரின் 12-ஆம் பக்கத்தில், 1000 பிரதிகளில், இந்த ஒரு முறை மட்டும் வரும். கீழே உங்கள் பெயரும் படம் எடுத்தவர் பெயரும் இருக்கும். 10-ஆம் தேதிக்குள் பதில் தாருங்கள். பதில் வராவிட்டால் படம் வராது."

அந்தக் கடைசி வரியைத்தான் பலர் தலைகீழாக எழுதுகிறார்கள்: "பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்வோம்." மௌனம் சம்மதம் ஆகாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதிகாரத்தைக் குடிமக்கள் கையில் கொடுப்பதாக அரசு சொல்கிறது; அரசு தனக்கே வைத்துக்கொண்ட விலக்குகளைப் படித்தால் நம்பச் சிரமமாக இருக்கிறது. ஆனாலும் ஒப்புதல் தெளிவான ஒரு செயலால் தெரிய வேண்டும் என்று அது சொல்வது சரியானது.

சேவை நோக்கம் என்றால் விலக்கு உண்டா? அச்சிட்ட மலருக்கு அந்த ஒரு வார்த்தை காப்பாகாது.

ஒருவர் சொன்னதை மேற்கோளாகப் போடலாமா? வாக்கியத்தை அவருக்கு அனுப்பிக் காட்டிவிட்டுப் போடுங்கள்.

நீதிமன்றப் பதிவில் இருந்தால்? ஆட்டோ சங்கர் சுயசரிதை குறித்த 1994 நக்கீரன் தீர்ப்பின்படி, பொதுப் பதிவில் உள்ளதற்கு அனுமதி வேண்டாம். ஆனால் பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு ஆளான பெண்ணின் பெயர் கூடாது.