வார்த்தைக்கு வார்த்தை கைதட்டலாமா?

சென்ற மாதம் என் அக்கா மகள் அமெரிக்காவின் அட்லாண்டாவிலிருந்து ஒரு செய்தி அனுப்பினாள். இரண்டு முறை தோற்ற கார் ஓட்டும் தேர்வில் மூன்றாம் முறை தேறிவிட்டாளாம். எனக்கு ஏக சந்தோஷம். கம்ப்யூட்டரில் புதிதாகக் கற்றுக்கொண்ட இமோஜியைத் தாராளமாகப் போட்டு இப்படிப் பதில் அனுப்பினேன்:

கடைசியில் 👏 நீயும் 👏 பாஸ் 👏 செய்துவிட்டாய்

ஒரு கைதட்டலுக்குப் பதில் மூன்று கைதட்டல் போட்டால் மூன்று மடங்கு பாராட்டு என்பது என் கணக்கு. இரண்டு நாட்களாக அவளிடமிருந்து பதிலே இல்லை. மூன்றாம் நாள் அக்கா போன் செய்து, "பெண்ணை ஏண்டா கிண்டல் செய்தாய்?" என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. உடனே அவளுக்கே போன் செய்தேன்.

"மாமா, கைதட்டலைக் கடைசியில் போட்டால் பாராட்டு. நடுவில் நடுவில் போட்டால் இங்கே அதற்கு அர்த்தமே வேறு" என்றாள். அவள் சொன்னதையும், பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

இது பாராட்டு அல்ல, அழுத்தம்

கைதட்டும் இமோஜி 2010-ல் வெளிவந்த யூனிகோட் 6.0 தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அதன் எண் U+1F44F. பாராட்டுவதற்கான கைதட்டல் என்றுதான் நாம் அதை நினைக்கிறோம். ஆனால் வார்த்தைகளுக்கு இடையே அதைப் போடும் பழக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் ஒரு விஷயத்தை ஆணித்தரமாகச் சொல்லும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முறை கையைத் தட்டிப் பேசுவது உண்டு. ராபின் தீட் என்ற நகைச்சுவைக் கலைஞர் 2016-ல் "தி நைட்லி ஷோ" என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், இந்தக் கைதட்டல் உள்ளிட்ட சைகைகளைக் கறுப்பினப் பெண்களின் சைகை மொழி என்று வேடிக்கையாக விளக்கிக் காட்டினார். அந்தத் தட்டல்தான் எழுத்தில் இமோஜியாக வந்தது. பிறகு மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. பள்ளியில் ஆசிரியர் "நாளைக்கு... கட்டாயம்... நோட்டு... வர வேண்டும்" என்று சொல்லும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார் அல்லவா? அதேதான். தட்டல் எதையும் புகழவில்லை. சொல்லை மண்டையில் ஏற்றுகிறது.

பெருமையா, கேலியா? கண்டுபிடிப்பது எப்படி?

இந்தத் தட்டல் தன்னளவில் பெருமையும் இல்லை, கேலியும் இல்லை. வாக்கியத்தில் ஏற்கெனவே இருப்பதைச் சத்தமாக்கும், அவ்வளவுதான். ஆகவே முதலில் மனதுக்குள் இமோஜிகளை நீக்கிவிட்டு வெறும் வாக்கியத்தைப் படியுங்கள்.

என் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். "கடைசியில் நீயும் பாஸ் செய்துவிட்டாய்." இதில் "கடைசியில்" என்ற சொல், இவ்வளவு நாள் ஆயிற்றே என்கிறது. "நீயும்" என்பதில் உள்ள "உம்", நீகூடவா என்கிறது. நேரில் சிரித்துக்கொண்டே சொன்னால் இவை கரைந்துவிடும். எழுத்தில் சிரிப்பு தெரியாது. போதாததற்கு அந்த இரண்டு சொற்களுக்குப் பிறகும் ஒரு தட்டல். நான் அறியாமல் குத்தலை அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறேன்.

அடுத்து, யார் யாரைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அவள் தன் தோழிகளுக்கு "மூன்றாம் 👏 முறை 👏 ஜெயித்தேன்" என்று அனுப்பியிருந்தாளாம். இது பெருமை. தன் வெற்றியைத் தானே நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள். இதே வாக்கியத்தை "மூன்றாம் 👏 முறை 👏 ஜெயித்தாய்" என்று மாற்றி வேறொருவர் அனுப்பினால், இரண்டு தோல்விகளை எண்ணிக் காட்டுவது போல ஆகிவிடுகிறது. மாறியது ஒரு விகுதி மட்டுமே.

வாக்கியம் கட்டளையாக இருந்தால் கேலியோ பெருமையோ அல்ல, கண்டிப்பு. "வாடகையை 👏 நேரத்தில் 👏 கொடுங்கள்" என்பதை யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் ஒரு வரம்பும் இருக்கிறது. நம் குடும்பக் குழுக்களில் பலர், நான் செய்தது போல, வெறும் உற்சாகத்தில் எங்கு வேண்டுமானாலும் கைதட்டலைப் போடுகிறார்கள். அனுப்பியவருக்கு இந்தப் பழக்கம் தெரியுமா என்று யோசிக்காமல் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நீங்களே செய்து பாருங்கள்

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கம்ப்யூட்டரில் நோட்பேடைத் திறந்து ஒரு வாக்கியத்தை டைப் செய்யுங்கள். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு முற்றுப்புள்ளி கீயைத் தட்டினால் இமோஜிக் கட்டம் திறக்கும். அதில் கைதட்டலைக் கிளிக் செய்து, பிறகு வந்த இமோஜியை காப்பி செய்துவிட்டு வாக்கியத்திலிருந்து அழித்துவிடுங்கள். அடுத்து Ctrl+H அழுத்துங்கள். முதல் கட்டத்தில் ஒரே ஒரு ஸ்பேஸ் தட்டுங்கள். இரண்டாவது கட்டத்தில் ஒரு ஸ்பேஸ், இமோஜி, மீண்டும் ஒரு ஸ்பேஸ். Replace All பட்டனைக் கிளிக் செய்தால் எல்லா இடைவெளியிலும் கைதட்டல் வந்து உட்காரும்.

அந்தப் பட்டனை இரண்டாம் முறை கிளிக் செய்துவிடாதீர்கள். இமோஜிக்கு இருபுறமும் உள்ள ஸ்பேஸ்களும் மாற்றப்பட்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்று மூன்று கைகள் வந்துவிடும்.

கேட்பவரை நினையுங்கள்

இப்போது விண்டோஸ் கீ, Ctrl, Enter மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் நேரேட்டர் தொடங்கும். ஓர் ஆங்கில வாக்கியத்தில் கைதட்டல்களைச் சேர்த்து அதை வாசிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் "கிளாப்பிங் ஹேண்ட்ஸ்" என்று அந்த இமோஜியின் பெயரைச் சொல்லும். ஐந்து சொல் வாக்கியத்தில் நான்கு முறை! வாக்கியம் என்ன சொல்ல வந்தது என்பதே மறந்துவிடும். பார்வையற்றவர்களுக்கு உங்கள் செய்தி இப்படித்தான் போய்ச் சேருகிறது. மீண்டும் அதே மூன்று கீகளை அழுத்தினால் நேரேட்டர் நின்றுவிடும்.

ஆகவே பாராட்ட நினைத்தால் வாக்கியத்தை முழுதாக எழுதி, முடிவில் கைதட்டலை வையுங்கள். நான் அவளுக்கு மறுபடி அனுப்பிய செய்தி இது:

விடாமல் முயன்று ஜெயித்துவிட்டாய். மாமாவுக்குப் பெருமை 👏👏👏

ஐந்து நிமிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு படம் வந்தது. அதன் கீழே: "நானே 👏 ஓட்டி 👏 வந்தேன் 👏 மாமா!" இது எந்த வகை என்று இப்போது உங்களுக்கே தெரியும்.