மைனஸ் 45-ஐத் தவறவிட்டால்

“ரேட் செவன்ட்டி ஃபைவ், சைனஸ், பிஆர் பாயின்ட் ஒன் சிக்ஸ், க்யூஆர்எஸ் பாயின்ட் ஒன், க்யூடி த்ரீ எய்ட்டி, க்யூடிசி ஃபோர் ட்வென்ட்டி ஃபைவ், ஆக்ஸிஸ் மைனஸ் ஃபார்ட்டி ஃபைவ், லெஃப்ட் ஆன்டீரியர் ஃபாசிகுலர் பிளாக், நோ அக்யூட் எஸ்டி சேஞ்சஸ்.”

இசிஜி தாளைப் பார்த்துக்கொண்டே இதய மருத்துவர் இப்படிச் சொல்லி முடிக்கக் கால் நிமிடம்கூட ஆகாது. அந்த ஒலிப்பதிவைக் கேட்டு ரிப்போர்ட்டாக மாற்றுவது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்காரர்களின் வேலை. அமெரிக்க மருத்துவர்களின் குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் இந்தத் தொழில் சென்னையிலும் பலருக்குப் பிழைப்புத் தந்தது. இவர்களின் பெரிய சிரமம் ஒன்றுதான்: இசிஜி தாள் இவர்கள் கண்முன் இருக்காது. காதில் விழுவது மட்டுமே ஆதாரம்.

மருத்துவர் எந்த வரிசையில் சொன்னாலும் ரிப்போர்ட்டில் ஒரே ஒழுங்குதான். முதலில் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது, அடுத்து எந்தத் தாளத்தில், பிறகு மின்னோட்டம் எந்தத் திசையில் சாய்கிறது, அதன்பின் இடைவெளிகள். மேலே சொன்னது இப்படி மாறும்: வேகம் 75, தாளம் சைனஸ், அச்சு −45 டிகிரி, பிஆர் 160 மில்லி வினாடி, க்யூஆர்எஸ் 100, க்யூடி 380, க்யூடிசி 425. கடைசியில் மருத்துவரின் முடிவு. “பாயின்ட் ஒன் சிக்ஸ்” என்று வினாடியில் சொன்னது மில்லி வினாடிக்கு வந்துவிட்டது. வினாடியிலேயே எழுதுவதானால் 0.16 என்று முன்னால் சுழியம் போட்டே தீரவேண்டும். வெறும் புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடும்.

இந்த ரிப்போர்ட்டின் அழகே, அதிலுள்ள எண்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதுதான். ஒலிப்பதிவில் ஒரு இருமல் குறுக்கிட்டு ‘மைனஸ்’ காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். அச்சு 45 டிகிரி என்று ஏறிவிடும். பெரியவர்களுக்கு −30 முதல் +90 வரை இயல்பு என்பதால், பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் இரண்டு வரி தள்ளி லெஃப்ட் ஆன்டீரியர் ஃபாசிகுலர் பிளாக் நிற்கிறது. இதயத்தின் இடது கீழறைக்குச் செல்லும் மின்பாதையின் ஒரு கிளை அடைபட்டிருப்பதைச் சொல்லும் பெயர் அது. அந்த அடைப்பில் அச்சு இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்து, −45-லோ அதற்கும் அப்பாலோதான் இருக்கும். +45-ம் இந்த அடைப்பும் ஒரே தாளில் சேர்ந்து வரவே வராது. விஷயம் தெரிந்தவர் அங்கேயே நிறுத்தி, ஒலிப்பதிவைப் பின்னோக்கி ஓட்டுவார்.

க்யூடியும் க்யூடிசியும் இடம் மாறுவது இன்னொரு பிழை. கீழறைகள் சுருங்கத் தொடங்கியதிலிருந்து மீண்டும் தயாராகும்வரை ஆகும் நேரம் க்யூடி. இதயம் வேகமாகத் துடித்தால் அது குறுகும். அதனால் நிமிடத்துக்கு 60 துடிப்பு என்ற அளவுக்குச் சரிக்கட்டி எழுதுவதே க்யூடிசி. பாசெட் 1920-ல் தந்த சூத்திரம் இன்றும் பரவலாகப் புழங்குகிறது: இரு துடிப்புகளுக்கு இடையிலான வினாடியின் வர்க்கமூலத்தால் க்யூடியை வகுக்க வேண்டும். வேகம் 75 என்றால் இடைவெளி 0.8 வினாடி, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.894. 380-ஐ அதால் வகுத்தால் 425. கணக்கு உதைக்கவில்லை. கால்குலேட்டர் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு: வேகம் 60-க்கு மேல் என்றால் க்யூடிசிதான் பெரிய எண்ணாக இருக்க வேண்டும், 60-க்குக் கீழ் என்றால் சிறியதாக. க்யூடிசி 500-ஐத் தாண்டினால் ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம் என்பதால், சில மனநல மருந்துகளையும் ஆன்டிபயாடிக்குகளையும் கொடுக்குமுன் மருத்துவர்கள் தேடிப் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

பழைய ரிப்போர்ட்டை நகலெடுத்து அதன்மேல் எழுதுவதால் வரும் வினை வேறு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. பி அலையே கிடையாது. பி அலை இல்லாதபோது பிஆர் எங்கிருந்து வரும்? ஆனாலும் முந்தைய நோயாளியின் 160 அந்தக் கட்டத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அங்கே எழுத வேண்டியது ‘பொருந்தாது’ என்பதே.

இப்படி முரண்பாட்டைப் பிடித்தவர் தாமே திருத்திவிடக் கூடாது. −45 என்பது எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும், காதில் தெளிவாக விழாததை எழுத அவருக்கு உரிமையில்லை. இடத்தைக் காலியாக விட்டு, ஒலிப்பதிவில் அது எந்த நிமிடம், எந்த வினாடியில் வருகிறது என்று குறித்து மருத்துவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அடைப்பின் பெயரையே மருத்துவர் தவறாகச் சொல்லியிருக்கவும் கூடும் அல்லவா?

எண்களின் சாட்சி எட்டாத இடமும் உண்டு. “நோ எஸ்டி சேஞ்சஸ்” என்றால் எஸ்டி பகுதியில் மாற்றம் இல்லை. “நியூ எஸ்டி சேஞ்சஸ்” என்றால் புதிதாக மாற்றம் வந்திருக்கிறது, மாரடைப்பாகக்கூட இருக்கலாம். வேகமாகப் பேசும்போது இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வேகமோ அச்சோ இடைவெளியோ இதைக் காட்டிக்கொடுக்காது. “பழைய இசிஜியைப் போலவே உள்ளது” என்று மருத்துவர் கடைசியில் சொல்லியிருந்தால் பிழைத்தோம். சொல்லவில்லை என்றால், கையெழுத்துப் போடுமுன் அவரே தாளையும் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து அந்த ஒரு வரியைப் படித்தாக வேண்டும்.