நேராகக் கேட்கும் கேள்வி, கையால் எழுதும் திட்டம்

தற்கொலை எண்ணம் உண்டா என்று ஒருவரிடம் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் மனநலச் செவிலியர் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பரவலாக உண்டு. ஆய்வுகள் இந்தப் பயத்தை உறுதிப்படுத்தவில்லை. கேட்கப்பட்டவர்களிடம் எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை. பலருக்குச் சுமை சற்று இறங்கியது போலவே இருந்திருக்கிறது. ஆகவே, தயங்காமல் கேட்பதுதான் வகுப்பில் முதலில் பழக்கப்படுத்தப்படுகிறது.

எப்படிக் கேட்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. "தப்பா எதுவும் யோசிக்கலயே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கேட்பவர் எதைக் கேட்க விரும்பவில்லை என்பது நோயாளிக்கு உடனே புரிந்துவிடும். சுற்றிலும் உறவினர்கள் நிற்கும் வார்டில் கேட்பதும் வீண். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, தனியாகக் கேட்க வேண்டும்.

பயிற்சியில் நடித்துப் பார்க்கத் தரப்படும் ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்ளலாம். டெல்டா பகுதி விவசாயி, நாற்பத்தைந்து வயது. இரண்டு போகம் நட்டம், கடன், தூக்கமின்மை. வயிற்றுவலி என்று சொல்லி வந்திருக்கிறார்.

"இவ்வளவு கஷ்டத்துல இருந்தா, இருந்து என்ன பண்றதுன்னு சில பேருக்குத் தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதாண்ணே?"

"தோணாம என்ன சிஸ்டர்."

"உயிரை விட்டுடலாம்னு நினைச்சதுண்டா?"

சற்று நேரம் கழித்து, "ராத்திரியில நினைப்பேன்" என்கிறார்.

இந்த இடத்தில் பயிற்சி மாணவி பதறி, "பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அடுத்த கேள்விகளுக்குப் போக வேண்டும்: எப்படிச் செய்வதென்று யோசித்தாரா, அதற்கான பொருள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, நாள் குறித்துவிட்டாரா, முன்பு எப்போதாவது முயன்றாரா, இதுவரை எது தடுத்தது. முந்தைய முயற்சியும் முடிவெடுத்துவிட்ட மனநிலையும் ஆபத்தைக் கூட்டுபவை. நோக்கமும் வழியும் நேரமும் தீர்மானமாகியிருந்தால் எழுதும் திட்டம் மட்டும் போதாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்கையும் செவிலியர் தரக்கூடாது.

விவசாயி நாள் எதுவும் குறிக்கவில்லை, முன்பு முயன்றதில்லை, உதவி பெறச் சம்மதிக்கிறார். மருத்துவரிடம் தெரிவித்தபின், பாதுகாப்புத் திட்டம் எழுதத் தொடங்கலாம். பார்பரா ஸ்டான்லி, கிரகரி பிரவுன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறை இது. முன்பு வழக்கத்தில் இருந்த, "தற்கொலை செய்துகொள்ள மாட்டேன்" என்று கையெழுத்து வாங்கும் ஏற்பாட்டுக்குப் பயன் இருப்பதற்கான நல்ல சான்று இல்லை. சத்தியம் வாங்குவதை விட, அந்த ராத்திரியில் என்ன செய்வது என்று முன்கூட்டியே தீர்மானிப்பது மேல்.

திட்டம் நோயாளியின் வார்த்தைகளிலேயே எழுதப்பட வேண்டும். "மன அழுத்த அறிகுறிகள்" என்று எழுதினால் அது செவிலியரின் தாள். "சாப்பாட்டைத் தள்ளிவிட்டுத் திண்ணையில் தனியாகப் போய் உட்காருவேன், கடன்காரர் போன் வந்தால் எடுக்க மாட்டேன்" என்பது அவருடைய எச்சரிக்கை. அது தெரிந்தால் தானாகச் செய்யக்கூடியது அடுத்த வரி: மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, வானொலி கேட்பது. பிறகு, மனதைத் திருப்பும் ஆட்களும் இடமும். அவருக்கு அது டீக்கடை. அங்கே மனக்கஷ்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை, நாலு பேரோடு இருந்தால் போதும். சொல்லி உதவி கேட்கத் தகுந்தவர் வேறு ஆள், மைத்துனர். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவமனை, உதவி எண். ஒவ்வொரு வரிக்கும், "அந்த நேரத்துல இதைச் செய்வீங்களா, எது தடுக்கும்?" என்று கேட்க வேண்டும். "மைத்துனர் ராத்திரியில போனை அணைச்சுடுவார்" என்று வந்தால் இன்னொரு பெயர் தேவை.

கடைசிப் பகுதிதான் பலரும் அவசரமாகக் கடந்துபோவது, ஆனால் அதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும்: ஆபத்தான பொருளைக் கைக்கு எட்டாமல் செய்வது. உயிரை விட வேண்டுமென்ற கடும் உந்துதல் பலருக்கு நெடுநேரம் நிற்பதில்லை. அது தணியும்வரை பொருள் எட்டாமலிருந்தால் உயிர் பிழைக்கிறது. விவசாயி வீட்டில் அது பூச்சிமருந்து. மைத்துனர் வீட்டுக்கு அதை மாற்றிப் பூட்டி, சாவியை அவரிடமே விடுவதென்று, அவரையும் வரவழைத்து அன்றே முடிவாகிறது. நோயாளியே அப்புறப்படுத்தட்டும் என்று விடுவது நல்லதல்ல. இதே யோசனை கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் ஊர் அளவில் சோதிக்கப்பட்டது. சென்னையின் 'சினேகா' அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டிய பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தது. அந்தக் கிராமங்களில் தற்கொலைகள் குறைந்தன. சிறிய சோதனைதான், ஆனாலும் அதன் திசை தெளிவு.

திட்டத்தின் ஒரு பிரதி நோயாளியிடம் இருக்க வேண்டும், கோப்பில் மட்டும் கிடந்தால் பயனில்லை. வீடு திரும்பிய பின் தொலைபேசியில் விசாரிப்பதும் சிகிச்சையின் பகுதியே. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், திட்டமும் தொடர் அழைப்புகளும் பெற்றவர்களிடம் ஆறு மாதத்தில் தற்கொலை நடத்தை ஏறத்தாழ 45 சதவீதம் குறைவாக இருந்தது.

விவசாயியின் தாளில் கடைசியாக எழுதப்படும் எண் 14416. மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணான இது 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.